எனக்கு ஒண்ணும் கேக்கல

அந்தப் பையக் கொஞ்சம் நகட்டு தாயி, உக்காந்துக்கிறேன். திருப்பத்தூர் பஸ் இந்த இடத்துலதான நிக்கும்? இப்பத்தான் ஒண்ணு போச்சு, பாத்தேன். உக்கார எடமில்ல, அதான் விட்டுட்டேன். அதுக்கு முந்தினது பாட்டுப் போட்ட பஸ்ஸு. ஒன்றரை மணி நேரம் அந்தச் சத்தத்துல யாரு உக்காருறது. அடுத்தது வரட்டும். மூணு மணிக்குள்ள போயிச் சேரணும், அவ்வளவுதான்.

நீ யாருக்குக் காத்திருக்க? வீட்டுக்காரரா? சாமான் வாங்கப் போயிருக்காரா, சரி. அப்ப நேரமாகும். மாட்டுத்தாவணிக்குள்ள வந்துட்டு எந்த ஆம்பள சொன்ன நேரத்துக்குத் திரும்பிருக்காரு.

எனக்கு என்ன வேலைன்னா கேக்குற? ஜவுளிக்கடையில சேல செக்சன். இருபத்திநாலு வருஷமாச்சு. கடை பேரு வேண்டாம், விடு. காலையில ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கிற வேலை. அந்த வேலையில மொத மொதல்ல என்ன சொல்லிக் குடுப்பாக தெரியுமா? சேலைய மடிக்கிறதில்ல. வாய மடிக்கிறது. மாமியாளும் மருமகளும் சேந்து வருவாக. மாமியா கைய அரக்குல வைக்கும், மருமக கண்ணு மயில்கழுத்துல நிக்கும். நம்ம யாரு பக்கமும் சாயக் கூடாது. ரெண்டையும் விரிச்சுப் போட்டுட்டு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, கையில பிடிச்சுப் பாருங்க"ன்னு சொல்லிட்டு ஒரு எட்டு பின்னால வந்து நின்னுக்கிறணும். மருமக பக்கம் சாஞ்சா மாமியா எந்திரிச்சுப் போயிரும். மாமியா பக்கம் சாஞ்சா அந்தப் புள்ள அன்னைக்கு வாங்கிட்டுப் போயி மறுநா மாத்த வந்து நிக்கும். நான் சாயவே மாட்டேன். சூப்பர்வைசரே புதுசா வர்ற புள்ளைகளுக்கு, மங்கையக்காவப் பாத்துப் படிங்கன்னுதான் சொல்லுவாரு.

பூங்கொடியும் அப்படித்தான் எங்கிட்ட வந்தா. பத்தொம்பது வயசு. திருப்பத்தூர்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கி வேல பாத்தா. ஏழு வருஷம் ஒரே மேசையில நின்னோம். அக்கா அக்கான்னு ஒட்டிக்கிட்டா. பெறகு கல்யாணமாகி மேலூர் பக்கம் போயிட்டா. மாப்பிள்ள தனபாலு, டிராக்டர் கம்பெனியில மெக்கானிக்கு. நல்ல மனுசன். வீட்டுல அவரு, அவுக அம்மா சௌந்தரத்தம்மா. கட்டிக் குடுத்த ஒரு நாத்தனா. அவ்வளவுதான் குடும்பம்.

அந்தச் சௌந்தரத்தம்மாவப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். பதினோரு வருஷத்துல சொன்னதில்ல.

ஏன் சொன்னதில்லன்னா, ஒரு தடவ சொல்லிக் கெட்டேன். பூங்கொடிகிட்ட இல்ல, எங்கூடப் பொறந்தவகிட்ட. அவ வந்து அழுதா. மாமியா இப்படிப் பண்றா அப்படிப் பண்றான்னா. எனக்குத் தாங்கல, "அது மனுசியாடி, பேயி"ன்னு சொல்லிட்டேன். அழுதுட்டுப் போனா. நாலு நாள்ல அவுகளுக்குள்ள சண்டை. சண்டையில இவ என்ன சொல்லியிருக்கா தெரியுமா, "எங்கக்காளே ஒன்னய பேயின்னுதான் சொல்றா"ன்னு. அவ்வளவுதான். அவுக ரெண்டு பேரும் ஒரு வாரத்துல ஒண்ணு கூடிட்டாக. நாந்தான் வெளியாளு. ஆறு வருஷம் என் தங்கச்சி என் வாசப்படி மிதிக்கல. அழுதவ அவ. சொன்னவ நானு. தப்பு எம்மேல.

அதுல இருந்து படிச்சுக்கிட்டேன். பேச வர்றவ கேக்கிறதுக்குத்தான் வர்றா, தீர்ப்புச் சொல்ல இல்ல.

பூங்கொடி கல்யாணமாகி மூணு மாசத்துல ஒருநா போன் பண்ணா. மூணு மணி. எங்களுக்குச் சாப்பாட்டு நேரமே அதுதான். மத்தியானக் கூட்டம் ஓஞ்சு, சாயங்காலக் கூட்டம் வர்றதுக்கு முன்னால அரமணி நேரம் விடுவாக. மாடியில குடோனுக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு. போன் அங்கதான் எடுக்கலாம். அவளுக்கும் மூணு மணிதான் தோது. மாமியா சாப்பிட்டுப் படுத்துரும், இவ துணி எடுக்கிற சாக்குல மொட்டமாடிக்கு வந்துருவா. அப்படி ஆரம்பிச்சதுதான். கடை லீவு நாளைத் தவிர ஒருநா விட்டதில்ல. நான் ஒரு கையில சோத்தப் பிசைஞ்சுக்கிட்டு ஒரு கையில போனப் பிடிச்சிருப்பேன்.

கேக்கிறதுன்னா சும்மா இல்ல தாயி. அதுக்கும் ஒரு பக்குவம் வேணும். எடுத்த எடுப்புல, "இன்னைக்கு என்ன பண்ணாக ஒங்க மாமியா"ன்னு கேக்கக் கூடாது. அப்படிக் கேட்டா நீயா தூண்டிவிட்ட மாதிரி ஆகிரும். "சாப்பிட்டியா"ன்னு கேக்கணும். அவ "ம்"னு சொல்றதுலயே தெரிஞ்சுரும் சாப்பிட்டாளா இல்லையான்னு. பெறகு அவளே வருவா. வெங்காயத்த எண்ணி வச்சிருக்காகக்கா, நான் எடுக்கிறதுக்கு முன்னாலயும் எண்ணுறாக, பின்னாலயும் எண்ணுறாகன்னுவா. உடனே அய்யய்யோன்னு குதிக்கக் கூடாது. "பின்னாலயும் எண்ணுனாகளா?" அவ சொன்னதையே திருப்பிச் சொல்லணும். அது போதும், மிச்சத்த அவளே கொட்டிருவா. அவுகளப் பத்திக் கேக்கக் கூடாது, இவளப் பத்திக் கேக்கணும். "ஒனக்கு எப்படி இருந்துச்சு?" "அப்ப நீ என்னத்தச் சாப்பிட்ட?" "கை நடுங்குச்சா?" அப்படி. புருசன் பேர நம்ம எடுக்கவே கூடாது. அவ எடுத்தா "ம்"னு மட்டும் சொல்லணும். எங்க வீட்டுலயும் இப்படித்தான்னு நம்ம கதையத் தொடங்கக் கூடாது. எனக்கு அந்தக் கதையே இல்ல, அது வேற விசயம். எனக்குக் கல்யாணமான ஒம்பதாம் மாசமே அவரு திருப்பூருக்குப் போனவரு வரல.

பாவம், வயசானவுகதானன்னும் சொல்லக் கூடாது. அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அதச் சொன்னா இவ வாய் அடைச்சுப் போகும். "அப்ப எம்மேலதான் தப்பா"ன்னு நெனைப்பா. அந்தப் பக்கமும் சாயக் கூடாது, இந்தப் பக்கமும் சாயக் கூடாது. கோவத்துல இருக்கிறப்ப பூங்கொடி மாமியாள "அது"ன்னுவா. மனசு சரியா இருக்கிறப்ப "அத்தை"ன்னுவா. நான் ரெண்டு நாளும் "அவுக"ன்னுதான் சொல்லுவேன்.

எல்லாத்தையும் விட இன்னொண்ணு. நேத்துச் சொன்னத இன்னைக்கு ஞாபகப்படுத்தக் கூடாது. ஒருநா கருவாட்டுக் கொழம்ப வாயில வச்சுப் பாத்துட்டு, நாலு பேரு முன்னால, "இத நாய்க்கு வை"ன்னுட்டாகளாம் அந்தம்மா. அழுக அழுகன்னு அழுதா. மூணாம் நா அவ மகளுக்குக் காய்ச்சல். ராத்திரி பூராம் அந்தம்மாதான் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்காக, இவளத் தூங்கச் சொல்லிட்டு. மறுநா போன்ல "அத்தை மாதிரி வராதுக்கா"ன்னா. நான் என்ன சொல்லியிருப்பேன்? "ம், நல்லவேள"ன்னேன். அவ்வளவுதான். முன்னால நானும் சேந்து திட்டியிருந்தேன்னு வையி, அன்னைக்கு என்கிட்டப் பேசுறதுக்கே அவளுக்குக் கூச்சமாப் போயிருக்கும். பொம்பளைக தன் வீட்டத் தான் திட்டலாம். அடுத்தவ திட்டுனா அது அவ வீடு.

ஒரே ஒரு தடவ கோவிச்சுக்கிட்டா. அவ அப்பா செத்த சேதி காலையில வந்தும், ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போன்னு சொன்னாகளாம் அந்தம்மா. அன்னைக்கு எனக்கே நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன். அவ சொன்னா, "நீ ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறியேக்கா. நான் செவுத்துக்கிட்டயா பேசுறேன்?" நான் சொன்னேன், "நான் சொல்லி என்னடி ஆகப்போகுது. நீ சொல்லு, நான் கேக்கிறேன்." பெறகு அவளே தொடங்குனா. அதான், பேசத்தான் செய்வா. எங்க போவா?

அந்தா, பஸ் வந்துருச்சு. பொன்னமராவதி போட்டிருக்கா? திருப்பத்தூர் வழிதான். எவ்வளவு கூட்டம் பாரு. போகட்டும் தாயி. மணி என்ன? ஒண்ணு ஆகலையே. இருக்கு, நேரம் இருக்கு.

போன வருஷம் அந்தம்மா குளிக்கிற எடத்துல விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. ஆப்பரேசன் பண்ணாக, சேரல. மாடிப்படிய ஒட்டுன ரூம்புல கட்டிலோட கிடந்தாக, கூப்பிட்டா மாடிக்கே கேக்கும். அப்பத்தான் இந்தக் கூப்பிடுறது ஆரம்பிச்சது. காத்தாடியக் கூட்டு. காத்தாடியக் குறை. யாரு வாசல்ல. என்ன கருகுது. ஒருநாளைக்கு நாப்பது தடவ கூப்பிடுவாகளாம். போயி நின்னா ஒண்ணுமில்லைம்பாகளாம். "வர்றியான்னு பாக்கிறதுக்குத்தான்க்கா கூப்பிடுது"ன்னா. "வர்றியான்னு பாக்கிறதுக்கா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

பங்குனி மாசம் கடைசி. அன்னைக்கு அவ குரலே சரியில்ல. நாத்தனா வந்துட்டுப் போயிருக்கா. அவகிட்ட அந்தம்மா, "எனக்குச் சரியாச் சோறு போடுறதில்ல"ன்னு சொல்லிட்டாகளாம். நாத்தனா இவளக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிருக்கா. ஒரு பொம்பளைய அதவிட என்ன சொல்லணும், சொல்லு. பீ மூத்திரம் அள்ளுறா, குளிப்பாட்டுறா, ஊட்டுறா. சோறு போடலைன்னா எப்படி இருக்கும்? தேம்பித் தேம்பி அழுதா. நானும் சோத்துக் கைய அப்படியே வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். நடுவுல, "கூப்பிடுதுக்கா"ன்னா. கொஞ்சம் நிறுத்துனா. "கூப்பிடட்டும். எப்பவும் கூப்பிடுறதுதான"ன்னா.

எனக்கு ஒண்ணும் கேக்கல. குடோன்ல பண்டல் எறக்கிக்கிட்டிருந்தாக, அந்தச் சத்தம். நான் "சொல்லு"ன்னேன். அவ சொன்னா. இருவது நிமிசம் இருக்கும். மனசு ஆறுனப் பெறகு, "சரிக்கா, போயி டீ போடுறேன், நேரமாச்சு"ன்னு வச்சுட்டா.

கீழ போனா அந்தம்மா உசுரோட இல்ல. கை கட்டிலுக்கு வெளிய தொங்குதாம். நெஞ்சு அடைச்சுருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. முன்னால பாத்திருந்தாலும் பிழைச்சிருப்பாகன்னு சொல்றதுக்கில்லன்னும் சொன்னாரு. அதயும் சொல்லணும்ல.

நான் காரியத்துக்குப் போயிருந்தேன். பூங்கொடி என் முகத்தப் பாக்கல. சோகத்துல இருக்கா, நம்மளும் ஒண்ணும் கேக்க வேண்டாம்னு வந்துட்டேன். பதினாறு கழிஞ்சு நாலஞ்சு நா இருக்கும். மூணு மணிக்குப் போன் அடிக்குது. எனக்கு ஒரு சந்தோசம், பொய் சொல்லக் கூடாது. சோறு எறங்காம கிடந்துச்சு அத்தன நாளா. "சாப்பிட்டியாடி?"ன்னேன். "ம்"னா. பெறகு சொன்னா, "இன்னைக்கும் காலையில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்குக்கா."

பழைய கதையச் சொல்றாளோன்னு நெனைச்சேன். இல்ல. இன்னைக்குன்னுதான் சொல்றா. காத்தாடிய நிறுத்தச் சொன்னாகளாம். காப்பி ஆறிப்போச்சுன்னாகளாம். நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப? செத்துட்டாகளேடின்னு சொல்லியிருப்ப. சொன்னா அவ பேசுறத நிறுத்திருவா. நான், "ஆறிப்போச்சுன்னாகளா?"ன்னு கேட்டேன்.

மூணு மாசம் தாயி. ஒவ்வொரு நாளும். பேசிக்கிட்டே இருப்பா, திடீர்னு, "இரு அக்கா, கூப்பிடுது"ன்னு சொல்லிட்டுப் போன வைக்காமலே எறங்கிப் போவா. செருப்புச் சத்தம் படியில எறங்குறது எனக்குக் கேக்கும். கதவு தெறக்கிறது கேக்கும். அந்தப் பக்கம் ஒண்ணுமே இருக்காது. பெறகு மூச்சு வாங்க ஏறி வருவா. "தண்ணி வேணுமாம். வச்சுட்டு வந்தேன்." சோத்துமேல என் கை அப்படியே நிக்கும். அந்த ரூம்புல நான் தனியா. குடோன் கதவத் தெறந்து வச்சுக்கிட்டுத்தான் உக்காருவேன். ஆனா கேப்பேன், "குடிச்சாகளா?"ன்னு. அவ, "தெரியலக்கா, திரும்பிப் பாக்காம வந்துட்டேன்"ன்னுவா.

ஆடி மாசம் தனபாலு போன் பண்ணாரு. எங்கிட்ட அவரு அதுக்கு முன்னால பேசுனதே இல்ல. அந்தம்மா படுத்திருந்த ரூம்பு சாத்தித்தான் கிடந்திருக்கு, இவரு ஏதோ தேடி உள்ள போயிருக்காரு. கட்டிலச் சுத்தித் தரையில டம்ளரு. எல்லாம் தண்ணி நிறைய. வீட்டுல இருந்த டம்ளரு போதாம, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் எல்லாம் எடுத்து வச்சிருக்கா. என்னன்னு கேட்டதுக்கு இவ சொல்லியிருக்கா, "அன்னைக்கு அத்தை கூப்பிட்டாக. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல. மங்கையக்காவுக்கும் கேட்டுச்சு, அவுகளக் கேளுங்க." அந்த மனுசன் அழுகுறாரு தாயி. "அக்கா, நீங்க உண்மையச் சொல்லுங்க. இவளக் காட்டுன டாக்டரு கேக்கிறாரு. நடந்தத நெனைச்சு உருகுறாளா, இல்ல நடக்காதது எல்லாம் இவளுக்குக் கேக்குதா? அம்மா கூப்பிட்டாகளா?"

நான் யோசிச்சேன். கேட்டுச்சுன்னு சொன்னா என்ன அர்த்தம்? ஒன் பொண்டாட்டி ஒங்கம்மாவச் சாகவிட்டுட்டு மாடியில பேசிக்கிட்டிருந்தான்னு அர்த்தம். என் வாயால அவ குடும்பத்துல நெருப்பு வைக்கிறதா? பதினோரு வருஷம் காப்பாத்துன வாய். "எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி. கடையில சத்தமா இருந்துச்சு"ன்னேன். போன வச்சப்ப ஒரு நிம்மதி. நம்ம பூங்கொடியக் காட்டிக் குடுக்கலைன்னு.

அவரு அதக் கொண்டுபோயி இவகிட்டச் சொல்லியிருக்காரு. ஆறுதலுக்குத்தான் சொல்லியிருக்காரு. "அம்மா கூப்பிடவே இல்ல, ஒங்கக்காவுக்கே கேக்கலையாம், எல்லாம் ஒன் மனப்பிரமை"ன்னு. அதோட போச்சு. டாக்டர் மாத்திர எழுதிக் குடுத்தாரு. நாத்தனா வந்தா. அவ சொன்னதுதான் எனக்கு ஆறல. "பாத்தீங்களா, இவளுக்கு ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான். இல்லாததெல்லாம் கேட்டிருக்கு. எங்கம்மா இப்படிச் சொல்லுச்சு அப்படிச் சொல்லுச்சுன்னு பதினோரு வருஷம் சொன்னாளே, எல்லாம் இதுதான்"ன்னு சொல்லிட்டா. வெங்காயம் எண்ணுனது, நாய்க்கு வைன்னு சொன்னது, அப்பா செத்த அன்னைக்கு ஆட்டுக்குத் தண்ணி காட்டுனது, அம்புட்டும் பைத்தியக்காரி பேச்சாப் போச்சு. அதக் கேட்ட ஆளு ஒலகத்துல நான் ஒருத்திதான். என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டாலும் நான் அடுத்தவ குடும்பத்தப் பத்திப் பேசுறதில்லையே.

இவளத் திருப்பத்தூர்ல அண்ணன் வீட்டுல கொண்டாந்து விட்டுட்டாக. மகள அங்கயே வச்சுக்கிட்டாக. ஒம்பது வயசுப் பிள்ள. அஞ்சு மாசமாகுது. எனக்குப் போன் இல்ல. நான் பண்ணா எடுக்கல. மூணு மணிக்கு அந்த ரூம்புல உக்காந்து போனத் தட்டுக்குப் பக்கத்துல வச்சுக்குவேன். அடிக்காது. சில நாளு என்னையறியாம "ம்"ன்னு சொல்லியிருக்கேன். ஒருநா ஒரு புதுப் புள்ள பாத்துட்டுப் பயந்து ஓடிருச்சு.

நேத்து அடிச்சது. மூணு மணி. எடுத்த உடனே "சாப்பிட்டியாடி"ன்னேன். அவ அதுக்குப் பதில் சொல்லல. "அக்கா, நாளைக்கு மூணு மணிக்கு அவுக எல்லாரும் வர்றாக. என்னையக் கூட்டிட்டுப் போறதா, இப்படியே விட்டுறதான்னு பேசப் போறாக. பிள்ளைய என்கிட்ட விடலாமான்னும் பேசப் போறாக. நீ வா. அன்னைக்கு ஒனக்குக் கேட்டுச்சா கேக்கலையான்னு எல்லாரு முன்னாலயும் சொல்லு. இப்பப் போன்ல சொல்லாத. எதுவா இருந்தாலும் நேர்ல சொல்லு"ன்னா. வச்சுட்டா.

அதான் கிளம்பி வந்தேன். போயி என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன். பஸ்ஸக் கூட நிதானமாப் பாத்து ஏறலாம்னுதான். ஏன்னா இது ரெண்டு பக்கமும் சாயக் கூடாத விசயம். அந்தம்மா அப்படி ஒண்ணும் கொடுமக்காரியும் இல்ல. ஒண்ணு மட்டும்தான் எனக்கு அந்தம்மா மேல. அவுக பதினோரு வருஷத்துல மருமகளப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. திருப்பத்தூர்க்காரின்னுதான் கூப்பிடுவாக. ஏ திருப்பத்தூர்க்காரி, காத்தாடியக் குறை. அப்படி. அன்னைக்கு ஒருநாதான், "பூங்கொடி... பூங்கொடி, செத்த வந்துட்டுப் போம்மா"ன்னு. கோவமாவும் இல்ல. ஒரு மாதிரி, சின்னப் பிள்ள கூப்பிடுற மாதிரி, மெதுவா...

என்ன தாயி அப்படிப் பாக்குற?

ஆமா. சொன்னேன், கேக்கலைன்னு. சொன்னேன்.

பண்டல் எறக்குறது முடிஞ்சுருச்சு அப்ப. கதவு சாத்தியிருந்துச்சு. மூணு தடவ கூப்பிட்டாக. மூணாவது தடவ பேரு முழுசா வரல. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

போடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். போயி என்னன்னு பாத்துட்டு வாடி, நான் லைன்லயே இருக்கேன்னு. சொன்னா மாமியா பக்கம் சாஞ்ச மாதிரி ஆகிருமேன்னுதான் சொல்லல. அப்படித்தான் நெனைச்சுக்கிட்டிருந்தேன் இத்தன நாளும். அது மட்டும் இல்ல தாயி. அவ எறங்கிப் போயிட்டா அன்னைக்குப் பேச்சு அதோட முடிஞ்சுரும். எனக்கு இன்னும் இருவது நிமிசம் நேரம் இருந்துச்சு. அவ அழுகுறா, அது எனக்கு வேணும்னு இருந்துச்சு. ஒருநாளைக்கு என்கூட ஒரு ஆளு பேசுறது அது ஒண்ணுதான். "சொல்லு"ன்னேன். அவ போறதுக்குத்தான் நிறுத்துனா. நாந்தான் சொல்லுன்னு சொன்னேன்.

நீ என்ன நெனைக்கிற? இல்ல, தலைய ஆட்டாத, வாயத் தெறந்து சொல்லு. நானும் இருபத்திநாலு வருஷம் தலைய ஆட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.

என்ன சொன்ன?

பொய் சொல்லி அந்தப் புள்ளையப் பைத்தியம் ஆக்கிட்டேன்னா சொல்ற? இந்தா பாரு, நீ யாரு என்னைய... உன் வயசுக்கு நான்...

இரு. போயிராத, உக்காரு. கோவம் வருது, ஆமா. வந்துட்டுப் போகட்டும். இருபத்திநாலு வருஷத்துல ஒருத்தரும் என்னைய மூஞ்சிக்கு நேரா நீ பண்ணுனது தப்புன்னு சொன்னதில்ல. கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா நெஞ்சுல கிடந்தது கொஞ்சம் எறங்குன மாதிரியும் இருக்கே, அது எப்படி?

அவளுக்கும் இதுதான் வேணும்போல. போயி இப்படித்தான் சொல்லணும். அந்தம்மா கூப்பிட்டாகடி. நீ போகல. நான் போகவிடல. உனக்குக் காதும் நல்லாயிருக்கு, புத்தியும் நல்லாயிருக்கு, அந்தப் பதினோரு வருஷமும் நீ சொன்னது ஒவ்வொண்ணும் நடந்தது, நான் சாட்சி. தனபாலு முன்னால, அந்த நாத்தனா முன்னால. சொன்னா நாத்தனா என் தலைமயிரப் பிடிப்பா. ஒங்கம்மா சாகக் கிடக்கிறப்ப ரெண்டு பேரும் கத பேசிக்கிட்டிருந்தீங்களான்னு கேப்பா. கேக்கட்டும். பூங்கொடியே இனி என் மூஞ்சியில முழிக்காம போகலாம். போன் அடிக்காது. இப்ப மட்டும் அடிக்குதா.

அந்தா, அடுத்த பஸ் வந்து நிக்குது. மணி ஒண்ணு இருவதா? அப்ப இதுதான் கடைசி. இத விட்டா மூணு மணிக்குப் போயிச் சேர முடியாது. தெரியும் தாயி, அந்த மூணு பஸ்ஸயும் ஏன் விட்டேன்னு எனக்குத் தெரியும். கூட்டமும் இல்ல ஒண்ணும் இல்ல.

கண்டக்டரு விசில் குடுக்கிறாரு. என் கையப் பிடிச்சு ஏத்திவிடு. படியில நிக்கவிடாத, உள்ள தள்ளிவிடு. நானா ஏறுனா எறங்கிருவேன்.